தூணில் கட்டிய ஹார்மோன் வரைபடம்: நீண்ட நாள் பயன்பாட்டில் கண்டவை

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டின் வளவில் பிளஸ் டூ மாணவிகளுக்கு விலங்கியல் மாலை வகுப்பு எடுக்கிறேன். மாதவிடாய் சுழற்சியின் ஹார்மோன் மாற்றங்களை நாள்வாரியாகக் காட்டும் லேமினேஷன் சுவர்ப்படம் ஒன்றைச் சில கல்வியாண்டுகளாகத் திருப்புதலுக்குப் பயன்படுத்துகிறேன். பெயர்தான் சுவர்ப்படம். பளபளக்கும் பழைய சுண்ணாம்புப் பூச்சில் ஆணி இறக்க வீட்டுக்கார ஆச்சிக்கு மனமில்லை. “தூணில் கட்டிக்கொள்ளுங்கள், டீச்சர்” என்றார்கள். கட்டிவிட்டேன்.

படத்தில் நான்கு பட்டைகள். மேலே மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரக்கும் எஃப்.எஸ்.எச், எல்.எச் ஹார்மோன்கள், அதன் கீழே அண்டகத்தில் அண்டத்தைச் சுமக்கும் ஃபாலிக்கிள் வளர்ந்து, அண்டம் விடுபட்டபின் புரோஜெஸ்டிரோன் சுரக்கும் கார்பஸ் லூட்டியமாவது, அடுத்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், அடியில் கருப்பையின் உட்சுவரான எண்டோமெட்ரியம். நான்குக்கும் ஒரே நாள்கோடு. படத்தின் பலமே இதுதான். ஒரு அளவுகோலைச் செங்குத்தாகப் பிடித்து இடமிருந்து வலமாக நகர்த்தினால், அந்தந்த நாளில் மூளையடியிலும் அண்டகத்திலும் கருப்பையிலும் நடப்பது ஒன்றாகக் கண்ணில் படும்.

ஆனால் அப்படி நகர்த்தும்போதே அச்சின் பெரிய குறையும் தெரிந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் உச்சம், எல்.எச் உச்சம், அண்டம் விடுபடுதல் மூன்றையும் 14ஆம் நாளின் ஒரே கோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். பார்ப்பவருக்கு எது காரணம், எது விளைவு என்று புரியாது. வளரும் ஃபாலிக்கிள் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், மில்லிலிட்டருக்குச் சுமார் 200 பிக்கோகிராமைத் தாண்டி ஏறத்தாழ இரண்டு நாள் நீடித்தால்தான், அதுவரை எல்.எச்சை அடக்கிவைத்திருந்த அதே ஹார்மோன் அதைத் தூண்டத் தொடங்குகிறது. அந்த எழுச்சி தொடங்கிச் சுமார் 36 மணி நேரத்தில் அண்டம் வெளியேறுகிறது. ஆகவே ஈஸ்ட்ரோஜன் முகடு முதலில், எல்.எச் முகடு அடுத்து, அண்டம் கடைசியில். மார்க்கர் பேனாவால் மூன்று தனிக் கோடுகள் போட்டுக்கொண்டேன். அதன்பிறகு ‘எல்.எச் ஏறுவதால் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது’ என்ற விடை வருவது அரிதாகிவிட்டது.

இன்னொரு சிக்கல் உயரம். ஈஸ்ட்ரோஜன் முகடும் புரோஜெஸ்டிரோன் மேடும் படத்தில் கிட்டத்தட்ட ஒரே உயரம். “அப்படியானால் இரண்டும் ஒரே அளவா, டீச்சர்?” என்று பள்ளத்தூரிலிருந்து வரும் பெண் கேட்டாள். நியாயமான கேள்வி. ஈஸ்ட்ரோஜனைப் பிக்கோகிராமிலும் புரோஜெஸ்டிரோனை நானோகிராமிலும் அளக்கிறோம்; ஒரு நானோகிராம் ஆயிரம் பிக்கோகிராம். ஈஸ்ட்ரோஜன் உச்சத்தில் 300 பிக்கோகிராம், புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் 15 நானோகிராம் என்று வைத்தால் பின்னது 50 மடங்கு. வளைவின் வடிவத்தையும் நேரத்தையும் மட்டும் இந்தப் படத்தில் படிக்க வேண்டும். இரண்டு வளைவுகளின் உயரத்தை ஒப்பிடக் கூடாது. ஓரத்தில் அலகைக்கூட அச்சிடாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எல்லாவற்றையும்விட அதிகம் தடுக்கிவிழ வைப்பது, படம் சுழற்சிக்கு வைத்திருக்கும் 28 நாள் என்ற எண். ‘சுழற்சி 35 நாள் என்றால் அண்டம் எப்போது விடுபடும்?’ என்று கேட்டால், சிலர் படத்தைப் பார்த்து 14 என்பார்கள். சிலர் பாதியாக வகுத்து 17 அல்லது 18 என்பார்கள். இதற்குத் தரையில் இருக்கும் ஆத்தங்குடிக் கற்களே உதவின. ஒரு கல் ஒரு நாள் என்று 35 கற்களுக்குச் சாக்பீஸில் எண் போட்டு, கடைசிக் கல்லிலிருந்து பின்னோக்கி 14 கற்களை எண்ணி ஒதுக்கச் சொன்னேன். 35 முதல் 22 வரை கழிந்தன. நின்ற இடம் 21. அதுவே விடை. கார்பஸ் லூட்டியத்தின் ஆயுள் ஏறக்குறைய 14 நாள் என்பதால் பின்பாதி அதிகம் நீள்வதில்லை. நீண்டதெல்லாம் ஃபாலிக்கிள் வளரும் முன்பாதிதான்.

புரோஜெஸ்டிரோன் உச்சமும் இதோடு நகரும். அண்டம் விடுபட்டு ஒரு வாரத்தில் அது வரும் என்பதால், 35 நாள் சுழற்சியுள்ள பெண்ணுக்கு 28ஆம் நாளில் வரும். அண்டம் விடுபட்டதா என்று அறிய இரத்தத்தில் புரோஜெஸ்டிரோனை அளக்கும் வழக்கமான ‘21ஆம் நாள் பரிசோதனை’யை இவருக்கு அப்படியே செய்தால் அளவு குறைவாகத்தான் இருக்கும், அண்டம் விடுபடவில்லை என்று தவறாக நினைக்க இடமுண்டு. அதே சமயம், 14 என்பதும் சராசரிதான். ஆளுக்கு ஆள், மாதத்துக்கு மாதம் சில நாள் மாறும். அடுத்த மாதவிடாய் வந்த பிறகே பின்னோக்கி எண்ண முடியும் என்பதால், கருத்தரிக்கும் நாளையோ தவிர்க்கும் நாளையோ இந்தக் கணக்கை நம்பி முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன்.

படத்தின் வலது ஓரத்தில் நானே ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். அச்சுப்படத்தில் 28ஆம் நாளோடு எல்லாக் கோடுகளும் விழுந்து முடிகின்றன. கரு பதிந்திருந்தால் அது சுரக்கும் எச்.சி.ஜி ஹார்மோன் கார்பஸ் லூட்டியத்தைச் சிதையவிடாது; புரோஜெஸ்டிரோன் இறங்காது; எண்டோமெட்ரியமும் உதிராது. ஒட்டிய தாளில் புரோஜெஸ்டிரோன் கோடு மேலேயே தொடர்கிறது.