கேஸ் அடுப்பு லேபிளும் கேமரா மொழிபெயர்ப்பும்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

"வீட்டில் சமைக்கிறவருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அடுப்பில் ஒட்டியிருக்கிற எச்சரிக்கை லேபிளைப் போனில் படம் எடுத்துத் தமிழாக்கி, பிரிண்ட் போட்டு ஒட்டிவிடலாமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். அவருக்கு எழுதிய பதில் நீண்டுவிட்டதால் இங்கே போடுகிறேன். இந்த வகைச் செயலியை இரண்டு வருடமாக மிக்ஸி கையேடு, மருந்து அட்டை, மாவு மில் மோட்டார் தகடு என்று எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன். எப்படி நிறுவுவது, எங்கே அழுத்துவது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். கேஸ் கசிவு லேபிளில் அது என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்ல வேண்டும். எழுத்தை வாசிப்பதில் இது அசரவைக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறி, பாதி மங்கிப்போன மூன்று மில்லிமீட்டர் எழுத்தைக்கூட எடுத்துவிடுகிறது. ஸ்டீல் அடுப்பின் பளபளப்புதான் இதற்கு எதிரி. ஃபிளாஷை அணைத்துவிட்டு, நேர் எதிரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்ந்து எடுத்தால் பளிச்சென்ற வெள்ளைத் திட்டு விலகிவிடும். லேபிள் நீளமாக இருந்தால் இரண்டு படமாக எடுங்கள். கேமராவை ஓடவிட்டுப் பார்க்கும்போது தமிழ் எழுத்து வினாடிக்கு வினாடி மாறிக்கொண்டே இருக்கும். அதை நம்பாமல் படத்தைச் சேமித்து, சேமித்த படத்தையே மொழிபெயர்க்கச் சொல்லுங்கள்.

இனி என் பொறுமையைச் சோதிக்கிற விஷயம். பல லேபிள்களில் மேலே தடித்த எழுத்தில் "டூ நாட்" என்று ஒரு தலைப்பு இருக்கும். அதன் கீழே புள்ளி வைத்து மூன்று வரிகள் வரும்: "லைட் மேட்சஸ்", "ஆபரேட் ஸ்விட்சஸ்", "யூஸ் ஃபோன்". ஆங்கிலத்தில் இது சரியான அமைப்பு. வினைச்சொல் வெறுமனே நிற்கும், தலைப்பில் உள்ள மறுப்பு கீழே உள்ள எல்லா வரிக்கும் பொருந்தும். ஆனால் ஆங்கிலத்தில் "செய்" என்று கட்டளையிடும்போதும் வினைச்சொல்லுக்கு அதே வெறும் வடிவம்தான். செயலி ஒவ்வொரு வரியையும் தனித் துண்டாக எடுத்துக்கொண்டால் தமிழில் வருவது இது:

செய்ய வேண்டாம்:
தீக்குச்சிகளைப் பற்றவைக்கவும்
சுவிட்சுகளை இயக்கவும்
தொலைபேசியைப் பயன்படுத்தவும்

ஒவ்வொரு சொல்லும் சரி. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆனால் கேஸ் நாற்றம் அடிக்கிற சமையலறையில் தலைப்பைத் தவறவிட்டு நடுவரியைப் படிக்கிறவருக்கு இது தீப்பற்ற வைக்கச் சொல்கிற அறிவிப்பு. தமிழில் மறுப்பு வினையோடு ஒட்டித்தான் நிற்கும். தலைப்பில் வைத்துவிட்டுக் கீழே விட்டுவிட முடியாது. "பற்றவைக்காதீர்கள்", "தொடாதீர்கள்" என்று ஒவ்வொரு வரியிலும் வந்தாக வேண்டும். "நேக்கட் ஃப்ளேம்" என்பதை "நிர்வாணச் சுடர்" ஆக்குவதுபோல அபத்தமான பிழை என்றால் யாரும் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அதனால் பெரிய ஆபத்து இல்லை. இந்தப் பிழை சரளமான தமிழில் வருவதால் கண்ணில் படாமலே போகிறது. அதுதான் என் கோபம்.

படக்குறிகளிலும் இதே கதைதான். சிவப்பு வட்டத்தில் குறுக்குக் கோடு போட்ட தீக்குச்சிப் படம், அதன் கீழே ஒரே ஒரு சொல். செயலி சொல்லை மட்டும் எடுத்துத் "தீக்குச்சிகள்" என்று தரும். மறுப்பு இருந்தது படத்தில். படியெடுத்த தமிழில் அது இல்லவே இல்லை.

மறுப்பு சரியாக வந்த இடத்திலும் இன்னொரு தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் "டூ நாட்" வாக்கியத்தின் முதலிலேயே வந்துவிடும். தமிழில் அது கடைசியில் வரும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால், அசல் எழுத்து இருந்த சின்னக் கட்டத்துக்குள் அடங்காமல் வாக்கியத்தின் வால் சுருங்கும், இல்லையென்றால் அடுத்த வரிக்குப் போகும், சில சமயம் வெட்டுப்படும். "மின் சுவிட்சுகளைத் தொட" என்பது ஒரு வரியிலும் "வேண்டாம்" என்பது கட்டத்துக்கு வெளியிலும் போனால் மிச்சம் என்ன? இதற்கு ஒரு எளிய மாற்று இருக்கிறது. "தொட வேண்டாம்" என்பதற்குப் பதில் "தொடாதீர்கள்" என்று ஒரே சொல்லாக எழுதினால் வரி உடைந்தாலும் மறுப்பு உடையாது. தவிர, "வேண்டாம்" என்பது பேச்சில் "தேவையில்லை" என்கிற அளவுக்கு மென்மையாகவும் கேட்கும். ஆபத்து நேரத்தில் அந்த மென்மை உதவாது.

அதனால் தமிழை அப்படியே படமாகச் சேமிக்காதீர்கள். செயலி வாசித்த ஆங்கில எழுத்தை முதலில் நகலெடுத்து, லேபிளோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். ஒளித்திட்டு விழுந்த இடத்தில் "நாட்" என்ற மூன்றெழுத்து மட்டும் காணாமல் போயிருக்கலாம். இரண்டு பத்தியாக அச்சிட்ட லேபிள் என்றால் "செய்க" பத்தியும் "செய்யாதே" பத்தியும் குறுக்கே கலந்திருக்கலாம், அப்போது ஒவ்வொரு பத்தியையும் தனியாக வெட்டிப் படமெடுங்கள். எண்களையும் பாருங்கள். சமையல் கேஸ் கசிவுக்கான அவசர எண் 1906. அதில் ஓர் இலக்கம் தவறினாலும் பயனில்லை.

இனிச் சொற்கள். கொஞ்சம்தான், ஆனால் கையால் செய்கிற வேலை மாறிவிடும் என்பதால் கவனம் வேண்டும். "ரெகுலேட்டர்" என்பதைச் செயலி சில சமயம் "கட்டுப்பாட்டாளர்" என்று ஓர் அதிகாரிபோல ஆக்கிவிடும். வீட்டில் எல்லோரும் ரெகுலேட்டர் என்றுதான் சொல்கிறார்கள், அப்படியே விடுங்கள். "நாப்" என்பதைக் "குமிழ்" என்று எழுதினால் பலருக்குப் புரியாது, "அடுப்புத் திருகு" என்றால் கை தானாக அங்கே போகும். "சஸ்பெக்டட் லீக்" என்பது "சந்தேகத்திற்குரிய கசிவு" என்று வரும். படிக்கிறவருக்குத் தேவை "கேஸ் நாற்றம் அடித்தால்" என்பது மட்டுமே. எரிவாயுவுக்குச் சொந்தமாக மணம் இல்லை, கசிவு தெரிவதற்காகவே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆக நாற்றம்தான் அறிவிப்பு.

"ஆபரேட் ஸ்விட்சஸ்" என்பதற்கு "சுவிட்சுகளை இயக்க" என்று வருவதைத் திருத்தியே ஆக வேண்டும். இயக்குவது என்றால் போடுவது என்றுதான் பலர் எடுத்துக்கொள்வார்கள். எரிகிற லைட்டை அணைப்பது பாதுகாப்பு என்று நினைத்துக் கை சுவிட்சுக்குப் போகும். சுவிட்சைப் போடும்போதும் அணைக்கும்போதும் உள்ளே சின்னப் பொறி பறக்கும், கசிந்த கேஸுக்கு அது போதும். ஆகவே "போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது" என்று இரண்டையும் எழுதுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனையும் பெயர் சொல்லிச் சேருங்கள், ஏனென்றால் "வெண்டிலேட்" என்பது "காற்றோட்டம் ஏற்படுத்தவும்" என்று வந்தால் பலரும் முதலில் ஓடுவது அந்த ஃபேன் சுவிட்சுக்குத்தான். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். மேல் ஜன்னலை மட்டும் திறந்தால் போதாது, கதவையும் திறக்க வேண்டும். மெயின் சுவிட்ச் பற்றி லேபிளில் ஒரு வரி இருந்தால், அது வீட்டுக்கு வெளியே இருந்தால் மட்டுமே அணைக்கலாம் என்ற நிபந்தனை அதே வரியில் இருக்கட்டும்.

இவ்வளவு திருத்திய பிறகு சிலிண்டர் வைத்த வீட்டுக்கு என் கையில் நின்ற வரிகள் இவை:

கேஸ் நாற்றம் அடித்தால்
1. சுவிட்ச் எதையும் தொடாதீர்கள். போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனையும் தொடாதீர்கள்.
2. தீக்குச்சி, லைட்டர் பற்றவைக்காதீர்கள். எண்ணெய் விளக்கு, ஊதுபத்தி எரிந்தால் அணைத்துவிடுங்கள்.
3. அடுப்புத் திருகுகளை மூடுங்கள். சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுங்கள்.
4. கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்துவிடுங்கள்.
5. எல்லோரும் வெளியே வாருங்கள்.
6. வெளியே வந்த பிறகு 1906க்குப் போன் செய்யுங்கள். உள்ளே போனைத் தொடாதீர்கள்.

அசல் லேபிளில் "என்ஷ்யூர் தட் நாப்ஸ் ஆர் இன் க்ளோஸ்டு பொசிஷன்" என்று இருந்தது. செயலி "திருகுகள் மூடிய நிலையில் இருப்பதை உறுதிசெய்து கொள்ளவும்" என்றது. தவறில்லை, ஆனால் பதற்றத்தில் இருக்கிறவர் அதைப் பார்த்து உறுதிசெய்ய நிற்பார். "மூடுங்கள்" என்றால் மூடுவார். சிலிண்டர் வாயில் பாதுகாப்பு மூடி போடும் வேலையைப் பழகியவர் வீட்டில் இருந்தால் மூன்றாவது வரியோடு அதைச் சேர்க்கலாம். குழாய் வழி கேஸ் வருகிற வீடென்றால் மூன்றாவது வரி முழுக்க வேறு, அங்கே மூட வேண்டியது சுவரில் இருக்கிற வால்வு.

சரிபார்க்கத் தமிழை மறுபடி ஆங்கிலமாக்கிப் பார்ப்பது போதாது, அது பல நேரம் தலைப்பையும் வரியையும் சேர்த்துப் பார்த்துச் சரியாகவே காட்டிவிடும். ஒரு வரியைத் தவிர மற்றதைக் கையால் மறைத்துக்கொண்டு, வீட்டில் இருக்கிற ஒருவரைப் படிக்கச் சொல்லி "இப்போது என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தயங்கினால் அந்த வரியை மாற்றுங்கள். உரக்கப் படிக்கும் வசதியைப் பயன்படுத்தினால், 1906 என்பது "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு" என்று வரும். எண்ணின் பக்கத்தில் "ஒன்று ஒன்பது பூஜ்யம் ஆறு" என்று எழுத்திலும் எழுதிவிடுங்கள்.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், எழுத்து வாசிப்புக்கு ஐந்து. இந்த லேபிளுக்கு ஒன்றுகூடக் கொடுக்க மாட்டேன். மிக்ஸி கையேட்டுக்கு நாளைக்கும் இதே செயலியைத்தான் திறப்பேன், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒரு மறுப்பைத் தலைப்போடு விட்டுவிட்டு வருகிற கருவி தந்த தமிழை, திருத்தாமல் சுவரில் ஒட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாற்றம் வந்த பிறகு போனை எடுத்து லேபிளைப் படம் பிடிப்பது என்ற பேச்சே கிடையாது, அதையும் உங்கள் வீட்டில் சொல்லிவையுங்கள்.

பிரிண்ட் எடுக்கும்போது எழுத்து ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுப்புக்கு மேலே ஒட்டினால் ஆறு மாதத்தில் பிசுக்கு மூடிவிடும், அதைப் படிக்கக் கசிவின் பக்கமே போக வேண்டியும் வரும். சமையலறை வாசல் நிலையின் உட்பக்கம், வெளியேறுகிறவர் கண் மட்டத்தில் ஒட்டுங்கள்.