கூட்டுப் புருவத்துக்கு நூலா, பிளேடா, ப்ளக்கரா?

என் புருவம் இரண்டும் மூக்குக்கு மேலே கைகோத்துக்கொள்ளும் ரகம். கூட்டுப் புருவம் ராசி என்று ஆயா சொல்லும். போட்டோ எடுத்தால் மட்டும் எப்போதும் கோபத்தில் இருப்பவன் மாதிரி தெரியும். அதனால் மூன்று வழிகளையும் பார்த்துவிட்டேன். இப்போது ப்ளக்கர்தான்.

முதலில் பிளேடு. சத்துவாச்சாரியில் நான் போகும் சலூனில் ஷேவிங் முடிந்ததும் அண்ணன் கேட்பார்: "இன்னா தம்பி, நடுவுல எடுத்துடட்டுமா?" சரி என்றால் அரை நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். வலி இல்லை, தனிக்காசும் இல்லை. புது பிளேடா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சிக்கல் மூன்றாவது நாள் தொடங்கும். பிளேடு முடியைத் தோலோடு ஒட்டி வெட்டுகிறதே தவிர வேரைத் தொடுவதில்லை. வெட்டிய முடி எல்லாம் ஒரே நாளில், ஒரே உயரத்தில், மொட்டை நுனியோடு மேலே வரும். தாடையில் வரும் கருநிழல் மாதிரியே இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு பட்டை. சிரைத்தால் முடி தடித்து வளரும் என்பது பொய். கூர் நுனி போய்விட்டதால் தடவினால் சொரசொரக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பட்டை 'இவன் இங்கே எடுக்கிறான்' என்று ஊருக்கே சொல்லிவிடும்.

நூல் வேரோடு எடுக்கும், நிழல் வராது. என் நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் த்ரெட்டிங் செய்துகொண்டேன். நடுவில் நன்றாகத்தான் வந்தது. "கீழேயும் கொஞ்சம் க்ளீன் பண்ணிடலாம்" என்றதற்குத் தலையாட்டினேன் பாருங்கள், அதுதான் தப்பு. முறுக்கிய நூல் ஒரு வரிசை முடியை மொத்தமாகப் பிடிக்கும்; ஓரம் அடிமட்டை வைத்துக் கோடு போட்ட மாதிரி ஆகிவிடும். ஆண் புருவத்துக்குக் கீழ் ஓரத்தில் உதிரியாக நாலு முடி இருந்தால்தான் இயல்பு. ஆல்பத்தில் இன்றைக்கும் வியப்போடு நிற்கிறேன். மூன்று வாரத்தில் கோட்டுக்குக் கீழே முடி முளைத்தபோது இன்னும் மோசம். இரண்டே முறை செய்துகொண்டவன் நான். ஆண்களுக்கே பழகிய கை கிடைத்தால், நடுப்பகுதியோடு நிறுத்தச் சொன்னால், நன்றாக வரலாம். வேக்ஸ் ஒரு தடவைதான். பருவுக்கு அடாபலீன் போன்ற க்ரீம் போடுகிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள், தோல் உரிந்து வந்துவிடும்.

ப்ளக்கரிலும் முடி வேரோடுதான் வருகிறது. ஒவ்வொரு முடியும் வளர்ச்சியின் வேறுவேறு கட்டத்தில் இருப்பதால் இன்று ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று சிதறித்தான் திரும்ப முளைக்கும். ஒரே நாளில் பட்டையாக வராது. எது வேண்டும், எது வேண்டாம் என்பதும் நம் கையில். ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும். எனக்கு இந்தப் பராமரிப்புக் கணக்குதான் முடிவு சொன்னது.

குளித்ததும் தோல் இளகியிருக்கும்போது, ஜன்னல் வெளிச்சத்தில் உட்காருவேன். பென்சிலை மூக்கோரமாக, கண்ணின் உள்மூலையைத் தொட்டு நேராக நிறுத்தினால் அது புருவத்தைத் தொடும் இடம் தெரியும். பெண்கள் பெரும்பாலும் அங்கே தொடங்குவார்கள். நான் அதிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் உள்ளே, மூக்குப் பக்கம், விட்டுவைக்கிறேன். தோலை விரலால் இழுத்துப் பிடித்து, முடியை அடியில் பிடித்து, அது சாய்ந்திருக்கும் திசையிலேயே இழுக்க வேண்டும். நுனியில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் வேரோடு வந்திருக்கிறது. இல்லையென்றால் பாதியில் அறுந்திருக்கிறது. அதுதான் பிறகு தோலுக்குள் சுருண்டு சிவப்புக் கட்டியாகும்.

நடுவில் முழுசாக எடுத்துவிட்டு, புருவத்தை நெருங்கும்போது ஒன்று விட்டு ஒன்று எடுப்பேன். அப்போதுதான் புருவம் சுவர் வைத்த மாதிரி தொடங்காமல் மெல்ல அடர்த்தியாகும். ஐந்தாறு முடிக்கு ஒருமுறை கண்ணாடியை ஒரு கை தூரம் தள்ளிப் பார்ப்பது கட்டாயம். கிட்டத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தால் கை நிற்காது, அடிக்கடி பிடுங்கிய இடத்தில் சில முடி திரும்பவே முளைக்காமலும் போகலாம். நம்ம வேலூர் வெயிலில் பிடுங்கிய சூட்டோடு வெளியே போனால் வியர்வை பட்டு எரியும். அதனால் இது எனக்கு வெளியே போகாத நாளின் வேலை.

நீளமான முடியை மட்டும் இன்னும் சலூனுக்கே விட்டிருக்கிறேன். அண்ணன் சீப்பால் மேல்நோக்கி வாரி, சீப்புக்கு வெளியே நீட்டும் நுனியை மட்டும் கத்தரிப்பார். பழக்கதோஷத்தில் நடுவில் கத்தி வைக்கக் கையைத் தூக்குவார். "அங்க வேணாம்ண்ணா" என்பேன்.