பட்ஜெட் பிக்ஸ்ட் எண்டு சொல்லி ஜொயினிங் டேட்ல என்ட இன்க்ரிமெண்ட விழுத்தினாங்க, நம்மட ஆக்கள் கவனமா இருங்க

நான் கல்லடி. கொழும்புல ஒரு கொம்பனி வேலைக்கு ஏஜென்சி ரெக்ரூட்டர் ஒராள் மூலமா போய் மாட்டுப்பட்டத எழுதுறன், பேர் ஒண்டும் போடல்ல. ஆனா இதே மாதிரி கோல் மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் நிறைய பேருக்கு வருது, அதான் எழுதுறன்.

நான் கேட்டது மாசச் சம்பளம் 1,65,000. அந்த ரெக்ரூட்டர் அக்கா சொன்னா, "தம்பி, 1,45,000க்கு மேல பட்ஜெட் இல்ல, அது பிக்ஸ்ட். ஆனா கிழமைக்கு மூணு நாள் வீட்ட இருந்து செய்யலாம், ஆறு மாசத்துல ரிவியூ இரிக்கு, அதுல பாத்துக்கலாம்." நானும் கணக்குப் பாத்தன். ஞாயிறு இரவு பஸ் ஏறினா திங்கள், செவ்வாய் ஒபிஸ், செவ்வாய் இரவே திரும்பலாம், ரூம் வாடகை இல்ல. அப்ப இருபதாயிரம் குறைஞ்சாலும் பரவால்ல எண்டு ஓம் எண்டுட்டன். எல்லாம் கோல்லதான், எழுத்துல ஒரு சொல்லும் இல்ல.

ஒபர் லெட்டர் வந்திச்சு. வேலை செய்யுற இடம் எண்ட இடத்துல கொழும்பு ஒபிஸ் முகவரி மட்டும் கிடந்திச்சு, வீட்ட இருந்து செய்யுறது மேனேஜர்ட விருப்பப்படி எண்டு ஒரு வரி. கேட்டன். "அது எல்லாருக்கும் போற டெம்ப்ளேட் தம்பி, பயப்படாதீங்க" எண்டா. கடைசிப் பக்கத்துல இன்னொரு வரி இருந்திச்சு, இதுக்கு முதல் வாயால எழுத்தால பேசின எதுவும் செல்லாது, இந்த லெட்டர் மட்டும்தான் எண்டு. அத நான் வாசிச்சும் விளங்கிக்கொள்ளல்ல, அந்த ஒரு வரியாலதான் அவ கோல்ல சொன்ன எல்லாம் காத்துல போச்சு.

மறுகா ஜொயினிங் டேட். நான் பழைய இடத்துல ஒரு மாச நோட்டீஸ் குடுத்து 2024 ஒக்டோபர் 1 வாறன் எண்டன். அவ "லெப்டொப் ரெடியாக இல்ல, புது ஆக்கள் எல்லாரையும் 14ம் திகதி ஒண்டா எடுக்கிறாங்க, அண்டைக்கு வாங்க" எண்டா. ரெண்டு கிழமை ரெஸ்ட் எண்டு சந்தோசப்பட்டன், அந்த ரெண்டு கிழமைச் சம்பளம்தான் போகும் எண்டு நினைச்சன்.

போன முதல் நாளே மேனேஜர்ட்ட மூணு நாள் விசயத்தக் கேட்டா அந்த மனுசன் என்ட முகத்தப் பாத்து "யாரு சொன்ன?" எண்டு கேட்டார். உண்மையாவே அவருக்குத் தெரியாது. ப்ரொபேஷன் ஆறு மாசமும் அஞ்சு நாளும் ஒபிஸ்தானாம். வெள்ளவத்தைல ரூம் எடுத்தன், வாடகை 25,000, சாப்பாடு, பஸ் காசு வேற. 1,45,000ல EPF 8 வீதம், 11,600 வெட்டினாப் பிறகு 1,33,400, அதுலயும் வரி போக மிச்சத்துலதான் இவ்வளவும்.

ஆறு மாசம் முடிய ரிவியூ வந்திச்சு, அது பொய் இல்ல. ஆனா அது ப்ரொபேஷன் முடிச்சு கன்பர்ம் பண்ணுற ரிவியூ, சம்பள ரிவியூ இல்ல. சம்பளம் கூடுறது வருசத்துக்கு ஒருக்கா, ஏப்ரல் 1. அதுக்கு மார்ச் 31க்குள்ள ஆறு மாசம் முழுசா முடிஞ்சிரிக்கணும். ஒக்டோபர் 1 வந்திருந்தா சரியா ஆறு மாசம். 14 வந்ததால பதிமூணு நாள் குறைவு, அடுத்தது 2026 ஏப்ரல். பதினேழரை மாசம் அதே 1,45,000. பட்ஜெட் பிக்ஸ்ட் எண்டா சம்பளத்துக்குப் பதிலா நம்மளுக்குக் கிடைக்கிறது வீட்ட இருந்து வேலை, ரிவியூ, ஜொயினிங் டேட் எண்ட இந்த மூணும்தான், அதுல மூணும் போச்சு.

ஏஜென்சிக்கு நாம போய்ச் சேந்தாத்தான் காசு, கொம்பனிக்குள்ள நமக்கு என்ன நடக்கும் எண்டு முடிவெடுக்கிற அதிகாரம் அவங்களுக்கு இல்ல. அதால கோல் வெச்ச உடனே பேசினத மெயில்ல எழுதி அனுப்புங்க, மேனேஜரும் அந்த மெயில்ல இருக்கணும். கிழமைக்கு எத்தின நாள், அது முதல் நாள்ல இருந்தா ப்ரொபேஷனுக்குப் பிறகா எண்டு கேளுங்க. ரிவியூ எண்டா சம்பள ரிவியூவா, எந்தத் திகதில, என்ட ஜொயினிங் டேட்டுக்கு நான் அதுல சேருவனா எண்டு கேளுங்க. திகதி பிந்தினா, இன்க்ரிமெண்டுக்கு மட்டும் பழைய திகதியக் கணக்கெடுக்கச் சொல்லி லெட்டர்ல போடச் சொல்லுங்க, அதுக்கு அவங்கட பட்ஜெட்ல இப்ப ஒரு சதமும் கூடாது. ரிவியூ திகதி எழுத்துல இருந்தாலும் எவ்வளவு கூடும் எண்டு ஒருத்தரும் எழுதித் தரமாட்டாங்க, அதையும் தெரிஞ்சுகொண்டு போங்க. திருத்தின லெட்டர் கைக்கு வாறதுக்கு முதல் பழைய வேலைய விடவே வேணாம்.

போன மாசம் அக்கரைப்பற்றுல என்ட மச்சாள் ஒராளுக்கும் அதே ஏஜென்சி, அதே மூணு நாள் கதை. மெயில் போடச் சொன்னன். அதுவரைக்கும் ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கோல் எடுத்தவங்க நாலு நாள் சத்தமே இல்ல. அஞ்சாம் நாள் கொம்பனில இருந்தே பதில் வந்திச்சு, ப்ரொபேஷன் முடியுமட்டும் வீட்ட இருந்து செய்ய ஏலாது எண்டு. அவ இன்னும் பழைய இடத்துலதான் இரிக்கா, நோட்டீஸ் குடுக்கல்ல.