கூச்சப்படும் எட்டு வயதுப் பிள்ளைக்கு செஸ்ஸா, சிலம்பமா?

வீட்டில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை வெளியே நாலு பேரைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்கிறது. ஏதாவது வகுப்பில் சேர்த்துவிடலாம் என்றதும் பெற்றோர் பலருக்கு முதலில் தோன்றுவது செஸ். அமைதியான பிள்ளைக்கு அமைதியான விளையாட்டு என்று நினைக்கிறார்கள். நட்புதான் நோக்கம் என்றால் நான் சிலம்பத்தைத்தான் சொல்வேன்.

செஸ் ஆடும்போது பேசக் கூடாது. வகுப்பில் பாதி நேரம் பயிற்சித் தாளிலேயே போய்விடும். திறமையைப் பார்த்து ஜோடி சேர்ப்பதால், எதிரே பன்னிரண்டு வயது அண்ணன்கூட உட்காரலாம். நட்பு துளிர்க்க அதில் ஓர் இடம் உண்டு: ஆட்டம் முடிந்ததும் இருவருமாகக் காய்களைத் திரும்ப வைத்து, "இங்க குதிரைய நகத்தியிருந்தா?" என்று அலசுவது. அதற்கு நேரம் தரும் வகுப்பா என்று கேட்டுச் சேருங்கள். இல்லையென்றால் பிள்ளை நன்றாக ஆடப் பழகும், தனியாகவே வீடு திரும்பும்.

சிலம்பத்தில் தொடக்கத்தில் வணக்கம், காலடி, கம்பு சுற்றுதல். எல்லோரும் வரிசையில் நின்று ஒரே அசைவைச் செய்வதால் யார் கண்ணும் தன்மேல் இல்லை என்ற நிம்மதி வரும். பிறகு ஜோடிப் பயிற்சி: ஒருவர் வீச, மற்றவர் தடுக்க, அப்புறம் முறை மாறும். என்ன பேசுவது என்று தவிக்க வேண்டியதில்லை. "மெதுவா", "இப்ப நீ அடி" என்பதே போதும்.

என் அக்கா மகளை அவள் வயதுச் சிறுமி ஒருத்தியோடு ஜோடி சேர்த்த ஆசான், ஒரு மாதம் அதை மாற்றவே இல்லை. ஒருநாள் கம்பு இவள் விரலில் பட்டுவிட்டது. அந்தப் பெண் தன் கம்பைக் கீழே போட்டுவிட்டு விரலைப் பிடித்துப் பார்த்தாளாம். அன்று இரவுதான் அவள் பெயர் எங்கள் வீட்டில் முதன்முதலாக அடிபட்டது.

தினமும் ஜோடி மாறினால் இந்தப் பலன் கிடைக்காது. ஆசானிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சேர்ந்த சில வாரங்களிலேயே கோயில் விழாவில் ஆட வைப்பதும் வேண்டாம். கூச்சக்காரப் பிள்ளைக்கு நாடகப் பயிற்சியை நான் பின்னுக்குத் தள்ளுவதும், அதில் பலர் முன் தனித்து நிற்க வேண்டியிருக்கும் என்பதால்தான்.

எந்த வகுப்பானாலும் பத்து நிமிடம் முன்னதாகக் கொண்டுபோய் விடுங்கள். கூட்டம் நிறைந்தபின் உள்ளே நுழைவதுதான் கூச்சக்காரப் பிள்ளைக்குக் கஷ்டம். விட்டதும் கண்ணில் படாத இடத்துக்குப் போய்விடுங்கள். ஒரு பெயர் வீட்டில் அடிக்கடி காதில் விழத் தொடங்கினால், அந்தப் பிள்ளையை ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்கு அழையுங்கள். பட்டம் செய்வதுபோல கைக்கு ஏதாவது வேலை இருக்கட்டும்.

வீட்டில் சரளமாகப் பேசும் பிள்ளை, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்றால் அது வெறும் கூச்சமாக இருக்காது. அப்போது வகுப்பு தேடுவதற்கு முன் குழந்தைகள் மனநல நிபுணரைப் பாருங்கள்.