ஸ்னாப் லேஅவுட்டா, விர்ச்சுவல் டெஸ்க்டாப்பா? ஒரு 14 அங்குலத் திரையில் இரண்டையும் மோதவிட்டுப் பார்த்தது

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்பவன். மூலம் ஒரு பிடிஎஃப், எழுதுவது வேர்டில், அகராதி பிரவுசரில். இவற்றோடு மெயிலும் சாட்டும் எப்போதும் திறந்திருக்கும். ஆக மொத்தம் ஐந்து விண்டோ, ஒரு 14 அங்குல லேப்டாப். விண்டோஸ் 11 இதற்கு இரண்டு வழிகளைத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே திரையில் கட்டம் போட்டு அடுக்கும் ஸ்னாப் ஒன்று. தனித்தனி டெஸ்க்டாப்பாகப் பிரித்து வைப்பது இன்னொன்று. முதலில் எல்லாவற்றையும் ஸ்னாப் செய்தும், பிறகு எல்லாவற்றையும் டெஸ்க்டாப்களில் பிரித்தும் வேலை பார்த்தேன். இரண்டுமே சொதப்பின, ஆனால் வேறு வேறு விதத்தில்.

முதலில் ஸ்னாப். `Win + Z` அழுத்தினால் லேஅவுட் படங்கள் எண்களோடு வரும். ஒரு எண்ணைத் தட்டினால் லேஅவுட், அடுத்த எண்ணைத் தட்டினால் அதில் எந்த இடம் என்பது. மீதி இடத்துக்கு எந்த விண்டோ வேண்டும் என்று விண்டோஸே கேட்கும். கைக்குப் பழகிவிட்டால் மவுஸைத் தொடவே வேண்டாம்.

சிக்கல் இடத்தில்தான். என் திரை 1920 × 1080. ஆனால் எழுத்து பொடியாகத் தெரியாமலிருக்க ஸ்கேலிங் 150 சதவீதம். 1920-ஐ 1.5-ஆல் வகுத்தால் 1280. விண்டோஸ் கணக்கில் என் திரையின் உண்மையான அகலம் அவ்வளவுதான். மூன்று பத்தி லேஅவுட்களை அது 1920 அகலத்துக்குக் குறையாத திரைகளில்தான் காட்டும். அதனால்தான் பெரிய மானிட்டரில் ஆறு லேஅவுட் தெரிகிறது, லேப்டாப்பில் நான்குதான் தெரிகிறது. "எனக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்று தேடுபவர்கள் முதலில் ஸ்கேலிங்கைப் பார்த்துவிடுங்கள்.

1280-ஐப் பாதியாக்கினால் 640. ஒரு ஏ4 பக்கத்தை அகலத்துக்குப் பொருத்திப் படிக்க இது போதும். வேர்டில் மேலே உள்ள ரிப்பன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். `Ctrl + F1` தட்டினால் மடங்கிக்கொள்ளும், எழுத நான்கைந்து வரி கூடுதலாகக் கிடைக்கும். ஆக, பிடிஎஃப் இடப்பக்கம், வேர்ட் வலப்பக்கம் என்பது நன்றாகவே ஓடியது. ஆசைப்பட்டு, இடது பாதியை இன்னும் இரண்டாக வெட்டி அகராதியைக் கீழே வைத்தேன். டாஸ்க்பார் போக அந்தக் கால் கட்டத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 336 உயரம். அதில் டேப் வரிசையும் முகவரிப் பட்டையும் கணிசமான பங்கைத் தின்றுவிடும். ஒரு சொல்லுக்குப் பொருள் பார்க்க ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரோல் செய்ய வேண்டியிருந்தது. சில செயலிகள் ஓர் அளவுக்குக் கீழே சுருங்கவே மறுக்கும். பக்கத்து விண்டோவின் மேல் ஓரம் ஏறிக்கொண்டு நின்றால் காரணம் அதுதான்.

சரி, டெஸ்க்டாப் பக்கம் போவோம். `Win + Ctrl + D` புதிய டெஸ்க்டாப். `Win + Ctrl` உடன் இடது, வலது அம்புக்குறிகள் மாறிப்போக. ஒவ்வொரு விண்டோவும் முழுத் திரையில், கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. பிடிஎஃப் முதல் டெஸ்க்டாப்பில், வேர்ட் இரண்டாவதில்.

அரை மணி நேரத்தில் வண்டவாளம் தெரிந்தது. மூலத்தில் ஒரு வாக்கியத்தைப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு, திரை நகர்ந்து முடியும்வரை காத்திருந்து, எழுதத் தொடங்கினால் பாதி வாக்கியம் மறந்திருக்கும். திரும்பிப் போக வேண்டும். "15 மி.மீ." என்றிருந்ததை "50 மி.மீ." என்று எழுதிவிட்டு, பத்து பக்கம் தாண்டிய பிறகு கண்டுபிடித்தேன். இரண்டும் அருகருகே இருந்திருந்தால் கண்ணே அதைப் பிடித்திருக்கும். ஒன்றைப் பார்த்து இன்னொன்றை எழுதுகிற ஜோடியை டெஸ்க்டாப் கோடு போட்டுப் பிரிக்கக் கூடாது.

ஆனால் மெயிலையும் சாட்டையும் இரண்டாவது டெஸ்க்டாப்புக்குத் தள்ளியபோது கதை மாறியது. அமைப்பை மாற்றாமல் விட்டால் `Alt + Tab` நீங்கள் நிற்கும் டெஸ்க்டாப்பில் உள்ள விண்டோக்களை மட்டும்தான் காட்டும். டாஸ்க்பாரும் அப்படியே. அகராதி தேடி `Alt + Tab` தட்டும்போது வழியில் சாட் தட்டுப்பட்டு, அதில் நுழைந்து, பத்து நிமிடம் தொலைவது நின்றது. ஸ்னாப் இதைத் தரவே முடியாது. ஓரமாக ஸ்னாப் செய்த சாட், ஓரக்கண்ணில் ஆடிக்கொண்டே இருக்கும். உங்களுக்கு எல்லா விண்டோவும் கலந்து வருகிறதென்றால் `Settings > System > Multitasking` போய் `Desktops` பகுதியில் இரண்டு தேர்வுகளும் `Only on the desktop I'm using` என்று இருக்கின்றனவா எனப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். டெஸ்க்டாப் பிரித்தால் நோட்டிஃபிகேஷன் நிற்காது. எந்த டெஸ்க்டாப்பில் இருந்தாலும் மூலையில் எட்டிப் பார்க்கும், கிளிக் செய்தால் அந்த டெஸ்க்டாப்புக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். டாஸ்க்பாரில் பின் செய்த சாட் ஐகானைத் தவறித் தட்டினாலும் இதே கதி. ஆகவே `Win + N` அழுத்தி `Do not disturb` போட்டால்தான் அந்தச் சுவர் முழுமையாகும். ஐகானை அன்பின் செய்துவிட்டேன், அது தனி நிம்மதி.

இப்போது என் ஏற்பாடு இப்படி. முதல் டெஸ்க்டாப்பில் ஒரே ஒரு ஸ்னாப் ஜோடி. பிடிஎஃப்பைப் பிரவுசரிலேயே திறக்கிறேன். அகராதி அதே விண்டோவில் அடுத்த டேப், `Ctrl + Tab` போதும், மூன்றாவது கட்டம் தேவைப்படவில்லை. நடுக்கோட்டைப் பிடித்து இழுத்தால் இரண்டு விண்டோவும் சேர்ந்தே அளவு மாறும், அதனால் வேர்டுக்குக் கொஞ்சம் அதிகம் விட்டிருக்கிறேன். இடையில் வேறொரு விண்டோ வந்து மூடினாலும், டாஸ்க்பார் ஐகான் மேல் மவுஸை வைத்தால் ஜோடி ஒரே படமாகத் தெரியும். அதைத் தட்டினால் இரண்டும் சேர்ந்து வரும். இரண்டாவது டெஸ்க்டாப்பில் மெயிலும் சாட்டும். மூன்றாவது வேண்டாம் என்று வைத்திருக்கிறேன். நாலைந்து போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எது எங்கே என்று தேடுவதே ஒரு வேலையாகிவிடும்.

ஒரு விண்டோவை டெஸ்க்டாப் மாற்ற நேரடிக் குறுக்குவிசை கிடையாது. `Win + Tab` அழுத்தி, கீழே தெரியும் டெஸ்க்டாப் படத்தின் மேல் இழுத்துப் போட வேண்டும். டைமர் மாதிரி எல்லா இடத்திலும் வேண்டியதை, அதே திரையில் வலது கிளிக் செய்து `Show this window on all desktops` கொடுத்துவிடலாம். இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். டெஸ்க்டாப் மாற்றினால் இரண்டு மானிட்டரும் சேர்ந்தே மாறும், ஒன்றை மட்டும் நிறுத்தி வைக்க வழியில்லை. நிலையாக நிற்க வேண்டிய விண்டோக்களுக்கு இந்த வலது கிளிக்தான் கதி.

அப்புறம் ரீஸ்டார்ட். டெஸ்க்டாப்களும் அவற்றுக்கு வைத்த பெயர்களும் அப்படியே இருக்கும். எந்த விண்டோ எங்கே இருந்தது என்பது பெரும்பாலும் இருக்காது, ஸ்னாப் ஜோடியும் கலைந்திருக்கும். காலையில் ஒருமுறை `Win + Z`, ஒருமுறை `Win + Ctrl` அம்பு, மெயிலும் சாட்டும் அங்கே திறப்பு. எனக்கு அரை நிமிடம் ஆகிறது.