ஜாப் ஒர்க்கா, ராடு வாங்கி பில் போடுவதா?

கோவை கணபதி, பீளமேடு பக்கம் சி.என்.சி. லேத் வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. பார்ட்டி கொடுக்கும் ராடைக் கடைந்து கூலி வாங்குவதா, ராடையும் நாமே வாங்கிப் போட்டு முழு விலைக்கு பில் போடுவதா? சொந்த முதலுக்கு எவ்வளவு இலாபம் நிற்கிறது என்று மட்டும் பார்த்தால் இரண்டாவதுதான் ஜெயிக்கும். அந்த ஒரு எண்ணை மூன்றாகப் பிரித்தால் கதை மாறுகிறது.

பிரிக்கிற முறை நூறு வருடப் பழசு. அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியில் டொனால்ட்சன் பிரவுன் என்பவர் முதலில் இரண்டாகத்தான் பிரித்தார்: இலாப விகிதம், சொத்துச் சுழற்சி. கடன் பங்கு பிற்பாடு சேர்ந்தது.

```
முதலுக்கு இலாபம் = (இலாபம் ÷ விற்பனை) × (விற்பனை ÷ சொத்து) × (சொத்து ÷ சொந்த முதல்)
```

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். சொந்த முதல் 60 லட்சம். எல்லா இலாபமும் வட்டி போக, வரிக்கு முன். ஜாப் ஒர்க்கில் ஆண்டுக் கூலி 96 லட்சம். மெஷின், வரவேண்டிய பாக்கி எல்லாம் சேர்த்து சொத்து 1.20 கோடி, இலாபம் 9.6 லட்சம்.

ராடும் நாமே வாங்கினால், அதே மெஷின், அதே எண்ணிக்கை பீஸ். ஆனால் பில்லில் ராடு விலை 1.44 கோடி கூடி, விற்பனை 2.40 கோடி ஆகிறது. பார்ட்டி 60 நாளில் பணம் தருகிறார் என்றால் பாக்கி மட்டும் 16 லட்சத்திலிருந்து 40 லட்சத்துக்கு ஏறும். ராடு, பாதி கடைந்தது, முடிந்து பெட்டியில் இருப்பது என்று ஸ்டாக்கில் இன்னொரு 24 லட்சம். ஆக 48 லட்சம், எல்லாம் பேங்க் தரும் கேஷ் கிரெடிட் கடன். ராடில் 7.7 லட்சம் கிடைக்கும், அதில் 11% வட்டிக்கு 5.3 லட்சம் போகும். மிச்சம் 2.4 லட்சம்.

மூன்றாவது வழியும் உண்டு. ஜாப் ஒர்க்கையே வைத்துக்கொண்டு இரண்டாவது ஷிப்ட் ஓட்டுவது. கூலி 1.20 கோடி ஆகிறது, பாக்கி 4 லட்சம்தான் கூடுகிறது. ஆபரேட்டர் சம்பளம், கரண்ட், இன்சர்ட் செலவு போக இலாபம் 13.2 லட்சம் என்று வைப்போம்.

| | ஜாப் ஒர்க் | ராடோடு | இரண்டு ஷிப்ட் |
|---|---|---|---|
| இலாப விகிதம் | 10% | 5% | 11% |
| சுழற்சி | 0.80 | 1.43 | 0.97 |
| சொத்து ÷ முதல் | 2.0 | 2.8 | 2.07 |
| முதலுக்கு இலாபம் | 16% | 20% | 22% |

நடுவில் உள்ள ராடோடு பத்தியைப் பார்த்து ஏமாறுவது சுலபம். இலாப விகிதம் பாதியானதைப் பார்த்துப் பதறவும் வேண்டாம், சுழற்சி ஏறியதைப் பார்த்து மெஷின் நன்றாக ஓடுகிறது என்று நினைக்கவும் வேண்டாம். பீஸ் ஒன்றுகூட அதிகம் வரவில்லை. பில் வழியாக இரும்பு கடந்து போகிறது, அவ்வளவுதான். அதனால் இந்த இரண்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் பெருக்கிப் பார்ப்பதே என் வழக்கம். ஜாப் ஒர்க்கில் 8%, ராடோடு 7.1%, இரண்டு ஷிப்டில் 10.6%. அதாவது ராடு வாங்கியதில் தொழில் கொஞ்சம் மெலிந்திருக்கிறது. 16 இருபதானது முழுக்க பேங்க் பணத்தால். இரண்டாவது ஷிப்டில் வந்த ஏற்றமோ பட்டறைக்குள்ளேயே பிறந்தது.

கடனில் வந்த ஏற்றம் எவ்வளவு நாள் நிற்கும் என்பது பார்ட்டி கையில். அவர் 60 நாளை 90 ஆக்கினால் ராடோடு வேலையில் பாக்கி இன்னொரு 20 லட்சம் ஏறும், வட்டி 2.2 லட்சம் கூடும், முதலுக்கு இலாபம் 16.3%க்கு இறங்கிவிடும். கிட்டத்தட்ட பழைய இடம்தான், ஆனால் தலையில் 68 லட்சம் கூடுதல் கடன். அதே தாமதம் ஜாப் ஒர்க்கில் 16ஐ 14.5 ஆக்குவதோடு விடுகிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் தவணை கூடாது என்கிறது 2006ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டம். இருக்கிற ஒரே பெரிய பார்ட்டியிடம் அதைக் காட்டி வட்டி கேட்பவர் எத்தனை பேர்? அப்புறம் ரிஜெக்‌ஷன். ராடு நம்முடையது என்றால் அளவு தப்பிய பீஸில் கூலியோடு இரும்பும் நம் தலையில்தான். துருவல் விலைக்குத்தான் போகும்.

இந்த எண்களைச் சொந்தக் கணக்கில் போடும்முன் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். முதலாளி தனக்குச் சம்பளம் எழுதாமல் இருந்தால் இலாப விகிதம் பொய்யாக உயர்ந்து நிற்கும். அவர் இடத்தில் ஒரு சூப்பர்வைசரை வைத்தால் என்ன கொடுப்போமோ அதைக் கழித்துவிடுங்கள். ஆண்டுக்கு 15% தேய்மானம் கழித்து புத்தகத்தில் ஒன்றுமில்லாமல் போன பழைய மெஷினும் சுழற்சியைச் சும்மா தூக்கிக் காட்டும். புது மெஷின் வாங்கிய ஆண்டு அதே பட்டறை திடீரென மந்தமானதுபோல் தெரிவது அதனால்தான்.

இரண்டாவது ஷிப்டுக்கு ஆர்டரும் ராத்திரிக்கு நம்பி விடக்கூடிய ஆபரேட்டரும் வேண்டும். ஆர்டரே ராடோடுதான் வரும் என்று பார்ட்டி சொன்னால், விலையைப் பேசும்முன் தவணை நாளைப் பேசுங்கள். 60 நாள் 30 ஆனால் கேஷ் கிரெடிட்டில் 20 லட்சம் குறையும், வட்டியில் 2.2 லட்சம் மிஞ்சும்; ராடு வாங்கியதில் கூடுதலாக வந்ததே 2.4 லட்சம்தான்.