பெயர்ப்பட்டை: பின்னணி வைத்தா, வெறும் எழுத்தாகவா?

நேர்காணல் வீடியோவில் பேசுபவரின் பெயரையும் பொறுப்பையும் காட்ட இரண்டு வழிகள் புழக்கத்தில் உள்ளன. படத்தின் மேலேயே வெள்ளை எழுத்தை வைத்து லேசாக நிழல் கொடுப்பது ஒன்று. எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை போடுவது இன்னொன்று. வெறும் எழுத்து படத்தை மறைக்காது, பார்க்கவும் இதமாக இருக்கும். ஆனால் அது நிற்குமா நிற்காதா என்பதைப் பின்னணிதான் முடிவு செய்கிறது.

ஒரு 1920×1080 காட்சியை எடுத்துக்கொள்வோம். பேசுபவர் வெள்ளைச் சட்டையோடு வலப்பக்கம் உட்கார்ந்திருக்கிறார், இடப்பக்கம் பார்க்கிறார். இடப்பக்கச் சுவர் இருட்டு. கீழ் இடது மூலையில் பெயர் வைத்தால் நிழலே இல்லாமல் தெளிவாகத் தெரியும். அடுத்த வரி ‘ஓய்வுபெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்’. இது நீண்டு சட்டையைத் தொட்டதும் கடைசி எழுத்துகள் வெள்ளையோடு கரைந்துவிடும். அவர் முன்னால் சாய்ந்தால் இன்னும் இரண்டெழுத்து போய்விடும். கறுப்பு ஓரக்கோட்டைத் தடிப்பாக்கிச் சமாளிக்கப் பார்த்தால் ண, ழ போன்றவற்றின் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யெழுத்துப் புள்ளி உடலோடு ஒட்டிக்கொள்ளும்.

பட்டையில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் எவ்வளவு அடர்த்தி என்பதைக் கண்ணால் மட்டும் முடிவு செய்யக்கூடாது. வெள்ளைச் சட்டையின் மேல் 50% கறுப்பு வைத்தால், அதன் மேல் வெள்ளை எழுத்துக்குக் கிடைக்கும் வெளிச்ச மாறுபாடு ஏறத்தாழ 4:1. 60% வைத்தால் 5.7:1. வலைத்தளங்களுக்கான WCAG தரநிலை சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 கேட்கிறது. திரையில் பெரிதாகத் தெரியும் எழுத்து கைப்பேசியில் சிறிய எழுத்தாகிவிடுவதால் அந்த அளவுகோலையே இங்கும் பிடித்துக்கொள்வது நல்லது. ஆகவே 60 முதல் 70% வரை. இருட்டுச் சுவரை மட்டும் பார்த்து 40%-க்கு இறக்குபவர்கள் சட்டையில் மாட்டிக்கொள்கிறார்கள். அடுத்தடுத்து பலர் பேசும் வீடியோ என்றால் பட்டைதான் என் தேர்வு. பின்னணி கடைசிவரை இருட்டாக, அசையாமல் இருக்கும் தனிநபர் நேர்காணலுக்கு வெறும் எழுத்து போதும்.

எழுத்துரு விஷயத்திலும் இரண்டு பக்கம் உண்டு. மெல்லிய கோடுள்ள எழுத்துருக்கள் எடிட்டிங் திரையில் நேர்த்தியாக இருக்கும். வீடியோவைச் சுருக்கும்போது முதலில் மறைவது புள்ளிதான். ‘ன்’ ‘ன’ ஆகிவிட்டால் பெயரே மாறிவிடும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்றவற்றில் மீடியம் அல்லது செமிபோல்டு எடை பாதுகாப்பானது. பெயருக்கு 60 பிக்சல், பொறுப்புக்கு 40. ‘கி’ மேலே, ‘கு’ கீழே என்று தமிழெழுத்து இரு பக்கமும் நீள்வதால், வரி இடைவெளியை எழுத்தளவில் 1.4 மடங்காவது வையுங்கள். ‘செ’ என்பதில் கொம்பு ‘ச’வுக்குப் பின்னால் போய் நின்றால் எழுத்துரு மேல் பழி இல்லை. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான உரை எஞ்சினைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அமைப்புகளில் அதன் பெயர் South Asian and Middle Eastern.

பெயர், பொறுப்பு இரண்டு வரிகளும் இடைவெளியோடு சேர்ந்து 140 பிக்சல் உயரம், மேலும் கீழும் 20 விட்டால் பட்டை 180. ஓரத்திலிருந்து 5% விடுவது வழக்கம், அதாவது பக்கவாட்டில் 96, கீழே 54 பிக்சல். கீழே 54-ஓடு நின்றால் வசனவரிகளும் பிளேயரின் பொத்தான்களும் பட்டை மேல் ஏறும். 108 விடுங்கள். அப்போது பட்டை மேலிருந்து 792-இல் தொடங்கும், மார்பளவு ஷாட்டில் முகத்தைத் தொடாது. இதே காட்சியைச் செங்குத்து வீடியோவாக வெட்டினால் நடுவிலுள்ள சுமார் 608 பிக்சல் அகலம்தான் மிஞ்சும், இடது மூலைப் பெயர் பாதியில் அறுந்துபோகும். அதற்குப் பட்டையில்லாத பிரதியிலிருந்து தனியாகச் செய்வதே வழி.

நேரத்துக்கு ஓர் எளிய அளவு உண்டு: இரண்டு வரிகளையும் வாய்விட்டு இரண்டு முறை நிதானமாகப் படியுங்கள். நம் தலைமையாசிரியருக்கு ஆறு ஏழு விநாடி ஆகும். அவர் பேச ஆரம்பித்து ஒரு விநாடி கழித்துக் கொண்டுவாருங்கள், முகத்தைப் பார்த்த பிறகுதான் கண் கீழே இறங்கும். உள்ளே வருவதற்கு 25 ஃபிரேம் வீடியோவில் 8 முதல் 10 ஃபிரேம் போதும். ஷாட் மாறுவதற்கு அரை விநாடி முன்பாவது பட்டை போய்விட வேண்டும். தவறினால், கேள்வி கேட்பவரின் முகத்துக்குக் கீழே தலைமையாசிரியரின் பெயர் நிற்கும். ஷாட் ஏழு விநாடிக்கு நீளவில்லையா? அவர் நீளமாகப் பேசும் அடுத்த ஷாட்டில் வைக்கலாம்.